‘திரும்பப் பெறப்படமாட்டாது’: யார், எதை, யாரிடமிருந்து?

‘சுகாதாரக் காரணங்களால், முத்திரை உடைக்கப்பட்ட பொருள்கள் எக்காரணத்தைக் கொண்டும் திரும்பப் பெறப்படமாட்டாது.’ சிறு மின்னணுப் பொருள்களை இணையம் வழியாக விற்கும் ஒரு நிறுவனத்தின் விதிமுறையில் இந்த வரி இருந்தது. அந்த நிறுவனத்தில் காதுக்குள் பொருத்தும் இயர்போன் ஒன்றை வாங்கியவர், பெட்டியைப் பிரித்து, காதில் மாட்டி, இடது பக்கத்தில் ஒலி வரவில்லை என்பதைக் கண்டு மறுநாளே எழுதியிருக்கிறார். வாடிக்கையாளர் சேவையிலிருந்து அவருக்குப் போன பதிலில் மேற்கண்ட வரி அப்படியே ஒட்டப்பட்டிருந்தது. அதற்கு மேலே ‘அன்பான வாடிக்கையாளரே’ என்றும் கீழே ‘தங்கள் புரிதலுக்கு நன்றி’ என்றும் இருந்தன. அவர் திரும்பவும் ஒரே ஒரு வரி எழுதினார்: ‘முத்திரையை உடைக்காமல், இடது பக்கம் பாடவில்லை என்பதை நான் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்?’

ஆவணங்களைத் திருத்தி எழுதுவது என் தொழில். இந்தக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகுதான் அந்த நிறுவனத்தின் மேலாளர் என்னை அழைத்தார். ‘விதிமுறை கொஞ்சம் கடுமையாக இருக்கிறது போலிருக்கிறது சார், மென்மையாக எழுதிக் கொடுங்கள்’ என்பதுதான் அவர் சொன்ன வேலை. பழைய விதிமுறையை இரண்டு முறை படித்த பிறகு, கடுமை அதன் நோயே அல்ல என்பது எனக்குப் புலப்பட்டது. விலக்குகள் எவற்றுக்குப் பொருந்தும், எவற்றுக்குப் பொருந்தாது என்பதை அதை எழுதியவரே முடிவு செய்திருக்கவில்லை. முடிவு செய்யப்படாத ஒன்றை எத்தனை மென்மையான சொற்களில் எழுதினாலும், படிப்பவர் கடைசியில் சேவைப் பணியாளரின் மனநிலைக்குத்தான் கட்டுப்பட வேண்டியிருக்கும்.

பழைய விதிமுறையின் மையமான வாக்கியம் இது:

‘பொதுவாக, தள்ளுபடி விலையில் விற்கப்பட்டவை, முத்திரை உடைக்கப்பட்டவை மற்றும் வாடிக்கையாளரின் விருப்பப்படி தயாரிக்கப்பட்டவை தவிர்ந்த தகுதியுள்ள பொருள்கள், பயன்படுத்தப்படாமலும் அசல் அட்டைப்பெட்டியுடனும் இருக்கும்பட்சத்தில், 7 நாட்களுக்குள் திருப்பி அனுப்பப்பட்டால், பரிசோதனைக்குப் பின் பணம் திருப்பித் தரப்படலாம். நிறுவனத்தின் முடிவே இறுதியானது.’

இதில் வெளிப்படையாகத் தெரியும் விலக்குகள் மூன்றுதான். ஆனால் சொற்களுக்குள் ஒளிந்திருப்பவை அதைவிட அதிகம். ‘பொதுவாக’ என்ற முதற்சொல், எந்த நேரத்திலும் எந்த விதியையும் கைவிடலாம் என்ற சலுகையை நிறுவனத்துக்கு வழங்கிவிடுகிறது. ‘தகுதியுள்ள’ என்பதற்கு எங்கும் விளக்கம் இல்லை. ‘பயன்படுத்தப்படாமல்’ என்றால் ஒரு முறை இயக்கிப் பார்ப்பதும் பயன்பாடா என்று தெரியவில்லை. ‘தரப்படலாம்’ என்பதில் உள்ள ‘லாம்’ அனுமதியையும் குறிக்கும், ஐயத்தையும் குறிக்கும். வாங்கியவர் அதை வாக்குறுதியாகப் படிப்பார், நிறுவனம் அதை விருப்ப உரிமையாகப் படிக்கும். இவ்வளவுக்குப் பிறகும் ஏதேனும் ஓட்டை மிச்சமிருந்தால் அடைப்பதற்காகக் கடைசி வாக்கியம் வைக்கப்பட்டிருக்கிறது.

தமிழில் இப்படி எழுதும்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. நம் மொழியில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. பணம் கிடைக்குமா, கிடைக்காதா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். நிபந்தனைகளையும் விலக்குகளையும் ‘தவிர’, ‘பட்சத்தில்’, ‘அனுப்பப்பட்டால்’ என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனால், எதற்கான நிபந்தனைகள் இவை என்பதை அறியாமலே படிப்பவர் எல்லாவற்றையும் நினைவில் சுமந்துகொண்டு வர வேண்டும். ஆகவே நான் முதலில் வகுத்துக்கொண்டது ஒரு வடிவ விதி: பொது விதிக்கு ஒரு வாக்கியம், ஒவ்வொரு விலக்குக்கும் தனி வாக்கியம். ஒரு வாக்கியத்துக்குள் ஒரு ‘தவிர’வுக்கு மேல் வந்தால் அதை உடைத்துவிட வேண்டும்.

அடுத்து, ‘திரும்பப் பெறுதல்’ என்ற தொடரை விதிமுறையிலிருந்தே எடுத்துவிட்டேன். நிறுவனம் பொருளைத் திரும்பப் பெறுகிறது. வாடிக்கையாளர் பணத்தைத் திரும்பப் பெறுகிறார். ஒரே தொடர் இரண்டு பேருடைய இரண்டு செயல்களையும் குறிப்பதால், செய்பவர் யாரென்று சொல்லாத ‘திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற செயப்பாட்டு வினை யாரைப் பற்றியது என்பதே தெளிவாக இருப்பதில்லை. (பன்மை எழுவாய்க்கு ‘மாட்டா’ என்று வர வேண்டும் என்ற இலக்கணக் குறை வேறு, அதைப் பார்த்துப் பழகிவிட்டோம்.) புதிய விதிமுறையில் வாடிக்கையாளர் பொருளைத் ‘திருப்பி அனுப்புவார்’, நிறுவனம் பணத்தைத் ‘திருப்பித் தரும்’. இந்த இரண்டு வினைகளும் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் ஆவணம் முழுவதும் காவல் காத்தேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒருவர் பொருளைத் திருப்பி அனுப்புவதற்கு அடிப்படையில் இரண்டே காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, பொருளில் குறை இருக்கிறது: பழுது, உடைசல், வேறு பொருள் வந்துவிட்டது, விளம்பரத்தில் சொன்னபடி இல்லை. மற்றொன்று, பொருள் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் வாங்கியவருக்குப் பிடிக்கவில்லை அல்லது மனம் மாறிவிட்டது. முதலாவதில் விற்றவர் தன் கடமையை நிறைவேற்றவில்லை, இரண்டாவதில் நிறைவேற்றிவிட்டார். பழைய விதிமுறை இந்த இரண்டையும் ஒரே வாசலில் நிறுத்தியிருந்தது. அதனால் மனமாற்றத்துக்காக எழுதப்பட்ட விலக்குகள், பழுதான பொருளை வைத்துக்கொண்டு நிற்பவர் மீதும் போய் விழுந்தன. இயர்போன் வாங்கியவருக்கு நேர்ந்தது அதுதான்.

சட்டங்கள் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை ஆணை, நேரில் பார்க்காமல் வாங்கியவருக்கு, பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாட்கள், காரணம் எதுவும் சொல்லாமலே அந்த வாங்குதலிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. முத்திரை உடைக்கப்பட்ட, சுகாதாரக் காரணங்களால் திருப்பி அனுப்பத் தகாத பொருள்களுக்கான விலக்கு அந்த உரிமைக்குத்தான் விலக்கு. குறையுள்ள பொருளைப் பற்றிய உரிமை அங்கே வேறொரு ஆணையில் இருக்கிறது; அதை இந்த விலக்கு தொடுவதே இல்லை. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கப்படவில்லையென்றால் 30 நாட்களுக்குள், ஏற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆக, ‘எக்காரணத்தைக் கொண்டும்’ என்று எழுதிய அந்தப் பழைய வரி மரியாதைக் குறைவானது மட்டுமல்ல. பல இடங்களில் செல்லுபடியாகாததும்கூட.

எனவே விதிமுறையை இரண்டு பகுதிகளாகப் பிரித்தேன். ‘பொருளில் குறை இருந்தால்’ என்பது முதற்பகுதி. ‘பொருள் சரியாக இருந்தும் வேண்டாம் என்று தோன்றினால்’ என்பது இரண்டாம் பகுதி. குறைப் பகுதியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. விதிமுறையைத் தேடி வந்து படிப்பவர்களில் மனத்தாங்கலோடு வருபவர் பழுதான பொருளை வாங்கியவர்தான். அவர் தனக்குப் பொருந்தாத விலக்குகளையெல்லாம் படித்துக் கடந்த பிறகுதான் தனக்கு வழி உண்டு என்று அறிய வேண்டும் என்பது அநியாயம். முதற்பகுதியின் முதல் வாக்கியமே இப்படித் தொடங்கியது: ‘பெட்டியைப் பிரித்திருந்தாலும், முத்திரையை உடைத்திருந்தாலும், தள்ளுபடி விலையில் வாங்கியிருந்தாலும், பொருளில் குறை இருந்தால் நீங்கள் அதைத் திருப்பி அனுப்பலாம், திருப்பி அனுப்பும் கூரியர் செலவு எங்களுடையது.’ இங்கே வரும் ‘லாம்’ அனுமதி என்பதில் ஐயத்துக்கு இடமில்லை, ஏனென்றால் செயலைச் செய்பவர் ‘நீங்கள்’. நிறுவனத்தின் செயலுக்கு எங்கும் ‘லாம்’ போடவில்லை. ‘தருவோம்’ என்றே எழுதினேன்.

இரண்டாம் பகுதிக்குள்தான் விலக்குகள் வர வேண்டும். அவற்றில் எளிதானது விருப்பப்படி தயாரித்த பொருள்: பெயர் பொறித்த ஒன்றை வேறொருவருக்கு விற்க முடியாது என்பது சொன்னவுடனே விளங்கிவிடும். முத்திரை விலக்குதான் வேலை வாங்கியது.

ஒரு விலக்கை எழுதுவதற்கு முன்னால் அது எதற்காக இருக்கிறது என்று கேட்டுவிடுவது என் வழக்கம். மேலாளர் ‘சுகாதாரம்’ என்றார். அப்படியானால் தொலைபேசி உறைக்கும் சார்ஜருக்கும் ஏன் அதே முத்திரை விதி என்று கேட்டேன். எல்லாப் பெட்டிகளிலும் ஒட்டுநாடா இருக்கிறது, அதுதான் முத்திரை என்று கிடங்கிலிருந்து பதில் வந்தது. பெட்டி திறந்துவிடாமல் இருக்க ஒட்டிய நாடா வேறு, உடலில் படும் பொருளின் தூய்மைக்குச் சான்றாக ஒட்டிய முத்திரை வேறு என்ற பிரிவினையே அங்கே இருந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு தீர்ப்பு உதவியது. இணையத்தில் மெத்தை வாங்கிய ஒருவர், அதன் பாதுகாப்பு உறையைப் பிரித்த பிறகு திருப்பி அனுப்ப விரும்பினார். விற்றவர் சுகாதார விலக்கைக் காட்டி மறுத்தார். வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. 2019 மார்ச் 27 அன்று, மெத்தைக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அந்த நீதிமன்றம் கூறியது. உடுத்திப் பார்த்த ஆடையும் உடலில் படத்தான் செய்கிறது. ஆனாலும் அதைத் துவைத்தோ தூய்மைப்படுத்தியோ மறுபடி விற்க முடிகிறது. மெத்தையையும் அப்படியே தூய்மைப்படுத்த முடியும் என்பது அதன் வாதம். உடலில் படுகிறதா என்பது கேள்வியல்ல, தூய்மைப்படுத்தி மறுபடி விற்க முடியுமா என்பதே கேள்வி. அந்தச் சட்டம் நம் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகிறதோ இல்லையோ, கேள்வி நல்ல கேள்வி. அதை வைத்துப் பொருள் பட்டியலைப் பார்த்தபோது, காதின் மேல் வைக்கும் ஹெட்போன் விலக்கிலிருந்து வெளியேறியது, ஏனென்றால் அதன் மெத்துறையைத் துடைக்கவும் மாற்றவும் முடியும். காதுக்குள் செல்லும் இயர்போனுக்கு மட்டும், ரப்பர் முனைகளை மாற்றினாலும் ஒலி வரும் வலைப்பகுதியைச் சரிவரத் தூய்மைப்படுத்த இயலாது என்று பழுதுபார்ப்பவர்கள் சொன்னதால், விலக்கு நின்றது. எல்லாப் பெட்டிகளுக்கும் இருந்த ஒரு விலக்கு, ஒரே வகைப் பொருளுக்குச் சுருங்கியது.

முதல் வரைவு இப்படி இருந்தது: ‘காதுக்குள் அணியும் இயர்போன்களின் முத்திரை உடைக்கப்பட்டிருந்தால், துரதிர்ஷ்டவசமாக அவற்றை எங்களால் ஏற்றுக்கொள்ள இயலாது.’ எந்த முத்திரை என்பது இதிலும் இல்லை. மேலும் ‘இயலாது’ என்பது எனக்கு உறுத்தியது. வெளிப்பெட்டியைத் திறந்த உடனே பணம் போய்விட்டதோ என்று படிப்பவர் அஞ்சுவார். இரண்டாம் வரைவில் முத்திரையின் அடையாளத்தைச் சேர்த்தேன். மூன்றாம் வரைவில், விலக்கு எதைத் தொடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டேன். கடைசியில் நின்றது இது:

‘காதுக்குள் அணியும் இயர்போன்கள் பெட்டிக்குள் ஒரு சிறிய உறையில் இருக்கும், அந்த உறையின் மீது நீல நிற முத்திரை ஒட்டப்பட்டிருக்கும். வெளிப்பெட்டியைத் திறந்து பார்ப்பதில் தடையில்லை. நீல முத்திரையை உடைத்த பிறகு, பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினால் நாங்கள் பணத்தைத் திருப்பித் தருவதில்லை. ஒருமுறை காதில் அணிந்ததை முழுமையாகத் தூய்மைப்படுத்தி இன்னொருவருக்கு விற்க வழியில்லை என்பதே காரணம். உடைத்த பிறகு பொருளில் குறை தெரிந்தால் இந்த விலக்கு பொருந்தாது; மேலே உள்ள முதற்பகுதியைப் பாருங்கள்.’

பழைய வரியைப் போல ஆறு மடங்கு நீளம். மேலாளர் அதைத்தான் முதலில் சொன்னார். பழைய வரி ஒரு வாக்கியத்தில் முடிந்தது, அதன் மிச்சம் சேவைப் பிரிவின் கடிதங்களில் பக்கம் பக்கமாகத் தொடர்ந்தது என்று பதில் சொன்னேன்.

‘தருவதில்லை’ என்ற சொல்லை ஏன் தேர்ந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மரியாதை என்று மேலாளர் கேட்டதில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. மறுப்பதற்குத் தமிழில் குறைந்தது மூன்று வழிகள் உள்ளன. ‘தரமாட்டோம்’ என்பது விருப்பமின்மையைக் காட்டுகிறது. முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது போன்றது. ‘தர இயலாது’ என்பது பணிவாகத் தோன்றினாலும் உண்மையல்ல. பணம் தர நிறுவனத்தால் முடியும், தருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறது, அவ்வளவுதான். இயலாமையாகச் சொல்லப்பட்ட மறுப்பைப் படிப்பவர் உடனே ‘ஏன் இயலாது, மேலதிகாரியிடம் கொடுங்கள்’ என்று வாதிடத் தொடங்குவார், அது நியாயமும்கூட. ‘தருவதில்லை’ என்பது இது எங்கள் நடைமுறை, எல்லோருக்கும் ஒன்றுதான், உங்களைக் குறிவைத்ததல்ல என்கிறது. அதன் பக்கத்திலேயே காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால் ‘துரதிர்ஷ்டவசமாக’, ‘வருந்துகிறோம்’, ‘தயவுசெய்து கவனிக்கவும்’ போன்றவை தேவைப்படுவதில்லை. வருத்தம் தெரிவிக்க வேண்டிய இடம் குறையுள்ள பொருள் போய்ச் சேர்ந்த இடம். அங்கே ஒரு முறை, முழுமையாகச் சொன்னால் போதும். விதிமுறை முழுக்க வருத்தத்தைத் தூவி வைத்தால், வருந்த வேண்டிய நேரத்தில் கைவசம் சொல் இருக்காது.

குற்றம் சாட்டும் தொனி பழைய விதிமுறையில் ஓரிடத்தில் இருந்தது. ‘இவ்வசதியைத் தவறாகப் பயன்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற வரி அது. பயன்படுத்திவிட்டுத் திருப்பி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. கிடங்கில் கீறல் விழுந்த பொருள்களைப் பார்த்தேன். ஆனால் அவர்கள் இந்த வரியைப் படித்துத் திருந்தப் போவதில்லை, நேர்மையாக வாங்கியவர்தான் படித்து முகம் சுளிப்பார். ஆளைப் பற்றிச் சொல்வதை விட்டுப் பொருளின் நிலையைப் பற்றிச் சொல்வது எளிய வழி. ‘கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பது போல இயக்கிப் பார்க்கலாம். அதற்கு மேற்பட்ட பயன்பாட்டால் கீறல் விழுந்திருந்தாலோ, கேபிள் முதலிய உடன்வந்த பொருள்கள் குறைந்திருந்தாலோ, அதனால் குறையும் மதிப்பைக் கழித்து மீதியைத் தருவோம். எவ்வளவு கழிக்கிறோம் என்பதைப் படத்துடன் முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவிப்போம்.’ ‘பயன்படுத்தப்படாமல்’ என்ற பழைய சொல்லுக்கு இதுவே விளக்கமும் ஆயிற்று. அந்தக் கடை ஒப்புமையும் ஐரோப்பிய ஆணையின் முன்னுரையில் இருப்பதுதான், நான் கண்டுபிடித்ததல்ல.

அடுத்து நாட்கள். ‘7 நாட்களுக்குள் திருப்பி அனுப்பப்பட்டால்’ என்பது தெளிவான எண் போலத் தோன்றும். எந்த நாளிலிருந்து ஏழு என்று கேட்டால் ஆர்டர் செய்த நாள், கிடங்கிலிருந்து கிளம்பிய நாள், கைக்கு வந்த நாள் என மூன்று விடைகள் கிடைக்கும். ஏழாம் நாளில் எது நடந்திருக்க வேண்டும் என்று கேட்டால் கடிதம் எழுதியிருக்க வேண்டுமா, கூரியரில் ஒப்படைத்திருக்க வேண்டுமா, பொருள் கிடங்குக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டுமா என இன்னும் மூன்று. சேவைப் பிரிவில் இருந்த இருவரிடம் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவர் கிளம்பிய நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார், மற்றவர் கைக்கு வந்த நாளிலிருந்து. இருவரும் அவரவர் வழியில் நேர்மையாகத்தான் மறுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எழுதியது: ‘பொருள் உங்கள் கைக்கு வந்த மறுநாளை முதல் நாளாகக் கொண்டு, 7ஆம் நாள் முடிவதற்குள் எங்களுக்கு எழுதினால் போதும். எடுத்துக்காட்டாக, 3ஆம் தேதி கைக்கு வந்தால் 10ஆம் தேதி இரவு 12 மணி வரை எழுதலாம். விடுமுறை நாட்களும் இந்தக் கணக்கில் சேரும். எழுதிய பிறகு பொருளைக் கூரியரில் ஒப்படைக்க மேலும் 7 நாட்கள் உண்டு.’ தேதியோடு ஓர் எடுத்துக்காட்டு எத்தனை இலக்கணங்களைவிடவும் விரைவாக வேலை செய்கிறது.

பணம் எப்போது வரும் என்பதிலும் இதே கவனம் வேண்டும். நிறுவனம் தன் கையில் இருப்பதற்கு மட்டுமே நாள் குறிக்க முடியும். பொருள் கிடங்குக்கு வந்த 3 வேலை நாட்களுக்குள் நாங்கள் பணத்தை விடுவிப்போம், நீங்கள் செலுத்திய அதே வழியில் அனுப்புவோம், அதன் பிறகு கணக்கில் வரவாவது உங்கள் வங்கியைப் பொறுத்தது என்று இரண்டாகப் பிரித்தோம். பணம் விடுவித்த அன்றே பரிவர்த்தனை எண்ணுடன் கடிதம் அனுப்பப்படும் என்பதையும் சேர்த்தோம், ஏனென்றால் வங்கியில் விசாரிக்க அது வேண்டும்.

தள்ளுபடி விலக்கில் நாங்கள் ஒருமுறை சறுக்கினோம். ‘தள்ளுபடி விலையில் வாங்கியவற்றை, குறை இருந்தாலன்றித் திருப்பி அனுப்ப முடியாது’ என்று தெளிவாகத்தான் எழுதியதாக நினைத்தேன். வரைவு முடிந்ததும், அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஐந்து பேரிடம் விதிமுறையையும் சில சூழ்நிலைகளையும் கொடுத்து, ‘இவருக்குப் பணம் வருமா, எந்த வரியைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டேன். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். அதனால் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஒரு சூழ்நிலையில் வாங்கியவர் முழு விலையுள்ள பொருளுக்கு வரவேற்புக் கூப்பன் ஒன்றைப் போட்டிருந்தார். மூன்று பேர் பணம் வரும் என்றார்கள், இருவர் வராது என்றார்கள், ஐவருமே ஒரே வரியைத்தான் விரலால் காட்டினார்கள். பிழை அவர்களிடம் இல்லை. கூப்பன் தள்ளுபடியா இல்லையா என்பதை நாங்கள் முடிவு செய்திருக்கவில்லை.

அந்த விலக்கு எதற்கு என்று மறுபடி மேலாளரிடம் போனேன். கிடங்கைக் காலி செய்ய அடிமாட்டு விலைக்குத் தள்ளும் பழைய மாடல்கள் திரும்பி வந்தால் வைக்க இடமில்லை என்பதுதான் உண்மையான காரணம். அப்படியானால் விலை எவ்வளவு குறைந்தது என்பது விலக்கின் எல்லையே அல்ல. ‘பொருளின் பக்கத்தில், விலைக்குக் கீழே, இறுதி விற்பனை என்று குறிக்கப்பட்டவற்றுக்கு மட்டும்’ என்று மாற்றினோம். வாங்குபவர் தன் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய அடையாளம் வந்துவிட்டது. கூப்பன் பற்றிய கேள்வி எழாமலே போயிற்று.

இந்த மாற்றத்தால் விதிமுறைக்கு வெளியேயும் வேலை வந்தது. விலக்கு விதிமுறைப் பக்கத்தில் மட்டும் இருந்தால், அதை வாங்கிய பிறகு, சண்டை வந்த பிறகுதான் படிப்பார்கள். ஆகவே இயர்போன் பக்கத்தில், வாங்கும் பொத்தானுக்கு மேலே, ‘நீல முத்திரையை உடைத்த பிறகு, குறை இருந்தால் மட்டுமே திருப்பி அனுப்பலாம்’ என்ற வரியும், முத்திரையின் மீதே ‘காதில் அணிந்து பார்க்க முடிவு செய்த பிறகு உடைக்கவும்’ என்ற வரியும் சேர்க்கப்பட்டன. அந்த முத்திரையை அச்சடிக்க வைத்ததுதான் இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது என்றால் சிரிக்கக்கூடும். விதிமுறை எழுதுபவருக்குத் தான் எழுதியது படிக்கப்படும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது.

‘நிறுவனத்தின் முடிவே இறுதியானது’ என்பதை நீக்க மேலாளர் தயங்கினார். விதிக்கு அப்பால் சில நேரம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், அந்த உரிமை வேண்டும் என்றார். விட்டுக்கொடுக்க யாரும் விதியில் இடம் ஒதுக்கத் தேவையில்லை. வாக்களித்ததைவிட அதிகமாகத் தந்தால் எவரும் வழக்குப் போடுவதில்லை. அந்த வரி உதவுவது குறைவாகத் தருவதற்கு மட்டும்தான். அதை எடுத்துவிட்டு, பணியாளர்களுக்கான உள்குறிப்பில், எந்த நிலைகளில் விதியைத் தாண்டிச் சலுகை தரலாம், யார் ஒப்புதல் தர வேண்டும், அதை எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று தனியாக எழுதினோம். விதிமுறையின் முடிவில் நடைமுறைக்கு வந்த தேதியையும், அதற்கு முன் ஆர்டர் செய்தவர்களுக்குப் பழைய விதியோ புதிய விதியோ எது அவர்களுக்கு நன்மையோ அது பொருந்தும் என்பதையும் சேர்த்தோம்.

இடது பக்கம் ஒலி வராத இயர்போனுக்குப் பணமும் மன்னிப்புக் கடிதமும் அதற்கு முன்பே போய்விட்டிருந்தன. புதிய விதிமுறை வந்த சில வாரங்களில் மேலாளர் எனக்கு வேறொரு கடிதத்தை அனுப்பினார். அதே மாடலை வாங்கிய ஒருவர் எழுதியிருந்தார்: ‘நீல முத்திரையை உடைத்துவிட்டேன். பொருளில் குறை எதுவும் இல்லை, என் காதுக்குத்தான் பொருந்தவில்லை. விதிப்படி பணம் வராது என்று தெரியும். பெரிய அளவு ரப்பர் முனை மட்டும் தனியாகக் கிடைக்குமா?’ சேவைப் பிரிவில் பதில் எழுதியவர், இரண்டு அளவுகளில் முனைகளை இலவசமாக அனுப்பியிருப்பதாகவும், அவை எந்த நாளில் வந்து சேரும் என்பதையும் மூன்று வரிகளில் சொல்லியிருந்தார். விதிமுறையிலிருந்து ஒரு சொல்லையும் அதில் ஒட்டியிருக்கவில்லை.